ரெக்ரூட்டருக்கு அனுப்பும் லிங்க்ட்இன் குறிப்பு

கேள்வி: வவுனியா கம்பஸில் ஐடி இறுதியாண்டு படிக்கிறேன். எனக்குப் பிடித்த ஒரு கொழும்பு நிறுவனத்தில் கியூஏ இன்டர்ன் எடுக்கிறார்கள். அங்குள்ள ரெக்ரூட்டருக்கு கனெக்ஷன் அனுப்பும்போது நோட்டில் என்ன எழுதுவது?

பதில்:

எனக்குச் சொந்த இடம் கிளிநொச்சி. இப்போது கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். இந்த நோட்டுகள் எனக்கு நிறைய வரும்.

இலவசக் கணக்கில் ஒரு நோட்டுக்கு 200 எழுத்துகள்தான், இடைவெளியும் சேர்த்து. மாதத்தில் சில பேருக்குத்தான் நோட்டோடு அனுப்ப விடும். சி.வி. இணைக்கவும் முடியாது.

எங்கட பக்கத்துப் பிள்ளைகள் அனுப்புவது பெரும்பாலும் “மதிப்புக்குரிய ஐயா/அம்மா, எனது பெயர்…” என்று தொடங்கும். பள்ளிக்கூடத்தில் பழகிய கடித முறை. ஆனால் பெயர் நோட்டுக்கு மேலேயே தெரிகிறது. பாதி இடம் அதில் போக, மிச்சத்தில் “ஏதாவது வேலை இருந்தால் தாருங்கள்” என்று முடியும். ஒரே நேரத்தில் பல பதவிகளுக்கு ஆள் தேடுகிறவர் அதை எதனோடு சேர்த்துப் பார்ப்பார்?

ஆகவே முதலில் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். பிறகு நோட்டின் முதல் வரியிலேயே பதவியின் பெயரைப் போடுங்கள். அடுத்து, அந்த வேலையோடு தொடர்புள்ளதாக நீங்கள் செய்த ஒன்று. “கடின உழைப்பாளி” என்பது எல்லோரும் எழுதுவது, அதை நான் வாசிப்பதே இல்லை. கடைசியாக, வன்னியிலிருந்து எழுதுகிறவர்கள் அநேகமாக விட்டுவிடும் விஷயம்: எப்போது தொடங்கலாம், கொழும்புக்கு வருவீர்களா. ப்ரொஃபைலில் வவுனியா, முல்லைத்தீவு என்று பார்த்தவுடன் எனக்கு வரும் முதல் கேள்வி அதுதான். பதில் அங்கேயே இருந்தால் ப்ரொஃபைலைத் திறப்பேன்.

உங்களுக்கு இப்படி வரலாம்:

“வணக்கம். உங்கள் கியூஏ இன்டர்ன் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கடைகளில் பில் போடும் ஒரு இணையச் செயலிக்கு செலினியத்தில் சோதனைகள் எழுதியிருக்கிறேன். ஜனவரியில் தொடங்கலாம், கொழும்பில் தங்குவேன்.”

இதை ஆங்கிலத்தில் எழுதினால் 200-க்குள் தாராளமாக அடங்கும். தமிழில் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி எழுத்தாக எண்ணப்படுவதால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அங்கே ஆங்கிலம்தான் வழக்கமும்கூட. செலினியம் உண்மையில் தொடாவிட்டால் எழுத வேண்டாம், நேர்முகத்தில் முதலில் அதைத்தான் கேட்போம்.

ரெக்ரூட்டர்களின் பக்கத்தில் பல நேரம் Follow மட்டும் தெரியும். Connect அநேகமாக More-க்குள் இருக்கும். Add a note வருகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். போனில் அவசரமாக அழுத்தினால் நோட் இல்லாமலே போய்விடக்கூடும். அதைத் திரும்பப் பெற்றால் அதே ஆளுக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டும்.

அவர் ஏற்றுக்கொண்டதும் உங்கள் நோட்தான் இருவருக்கும் இடையிலான முதல் செய்தியாக மெசேஜில் நிற்கும். அப்புறம் அதன் கீழேயே சி.வி.யை அனுப்பலாம்.