பட்டில் கொட்டிய குங்குமம்: எலுமிச்சையைக் கையில் எடுப்பதற்கு முன்

கேள்வி: வளைகாப்பில் தாம்பூலம் கொடுக்கும்போது குங்குமச் சிமிழ் கவிழ்ந்து என் சந்தன நிறப் பட்டுப்புடவையின் உடல் பகுதியிலும், கணவரின் வெள்ளை வேட்டியிலும் கொட்டிவிட்டது. அவர் உடனே ஈரக் கைக்குட்டையால் துடைத்ததில் வேட்டியில் ரோஸ் நிறமாகக் கையகலத்துக்குப் பரவிவிட்டது. புடவையை நான் தொடவே இல்லை, அப்படியே விரித்து வைத்திருக்கிறேன். எலுமிச்சம்பழம் தேய்த்தால் போய்விடும் என்கிறார்கள். தேய்க்கலாமா?

பதில்: புடவையில் தேய்க்காதீர்கள். வேட்டியிலும் இப்போதைக்கு வேண்டாம். புடவையைத் தொடாமல் வைத்தது நல்லதாகப் போயிற்று. பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

எலுமிச்சை யோசனை தவறானது என்று சொல்ல முடியாது. அது வேறு குங்குமத்துக்கான யோசனை. மஞ்சளோடு சுண்ணாம்போ வேறு காரமோ சேர்த்துச் செய்யும் குங்குமத்தில் சிவப்பு என்று தனியாக எதுவும் இல்லை. காரம் பட்டதால் மஞ்சள் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். புளிப்பு பட்டால் அது மறுபடி மஞ்சளாகிவிடும். கறை போய்விட்டது போலத் தெரியும், ஆனால் போயிருக்காது. அடுத்த முறை சோப்பு போட்டதும், சோப்பும் காரம் என்பதால், அதே இடம் திரும்பச் சிவக்கும். ‘போன கறை திரும்ப வந்துவிட்டது’ என்று பலர் குழம்புவது இதனால்தான்.

கடையில் வரும் குங்குமம் பெரும்பாலும் இப்படி இல்லை. மாவு அல்லது டால்க் போன்ற வெள்ளைப் பொடியில் செயற்கைச் சாயம் ஏற்றியது. அதன் சிவப்பு புளிப்புக்கு மாறாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: பட்டுக்குச் சாயம் ஏற்றுபவர்களே சாயம் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று சாயத் தொட்டியில் அமிலம் சேர்ப்பார்கள். சாயக் குங்குமம் விழுந்த பட்டில் எலுமிச்சையோ வினிகரோ விட்டால், அந்தச் சாயப் பட்டறை வேலையை நீங்களே செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

உங்களுடையது எந்த ரகம்? வேட்டி ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. தண்ணீர் பட்டதும் ரோஸ் நிறம் ஓடியிருக்கிறது. மஞ்சளின் நிறப்பொருள் வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது, அப்படி ஓடாது. எனவே இது சாயக் குங்குமம்தான். உறுதி செய்துகொள்ள வேண்டுமென்றால் துணியில் சோதிக்காமல் சிமிழில் மிச்சமிருப்பதில் ஒரு சிட்டிகை எடுத்து நனைத்த வெள்ளை டிஷ்யூ தாளில் தூவுங்கள். ஐந்து நிமிடத்தில் பொடியைச் சுற்றி ரோஸ் அல்லது சிவப்பு வளையம் விரிந்தால் சாயம். வளையம் இல்லாமல், ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் பொடி மஞ்சளாகத் திரும்பினால் மஞ்சள் குங்குமம். சில பொடிகளில் இரண்டும் கலந்திருக்கும். அப்படியானால் சாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேட்டி, அது ஏற்கெனவே நனைந்திருப்பதால். பருத்தி இந்தச் சாயங்களை அவ்வளவாகப் பிடித்துவைக்காது. அது நமக்குச் சாதகம். ஆனால் வாளித் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். கறையிலிருந்து கிளம்பும் சாயம் வாளி முழுக்கக் கலந்து வேட்டி முழுவதற்கும் லேசான ரோஸ் கொடுத்துவிடும். காய்ந்திருந்தால் பொடியை முதலில் உதறிவிட்டு, கறை உள்ள இடத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு, மற்ற துணி நனையாமல் வெளியே தொங்கும்படி குழாய்க்கு அடியில் காட்டுங்கள். துணியின் பின்பக்கம் மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் பொடியை வந்த வழியே வெளியே தள்ளும். முன்பக்கம் காட்டினால் இழைக்குள் இன்னும் இறங்கும். பச்சைத் தண்ணீர் போதும், வெந்நீர் வேண்டாம். வடியும் நீர் நிறமில்லாமல் வரும்வரை விடுங்கள். கஞ்சி போட்ட வேட்டி என்றால் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆனால் கறையில் ஒரு பகுதி கஞ்சியின் மேல்தான் ஒட்டியிருக்கும், கஞ்சி கரையும்போது அதுவும் சேர்ந்து போகும்.

அதற்கப்புறம் திரவ சோப்பு சில சொட்டு விட்டு விரல் நுனியால் மெதுவாக அழுத்தி, மறுபடி பின்பக்கமிருந்து அலசுங்கள். நிழல் மாதிரி ரோஸ் மிச்சமிருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. 3 சதவீதம் என்றால் அப்படியே, 6 சதவீதம் என்று பாட்டிலில் போட்டிருந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்து, கறை மேல் மட்டும் தடவிப் பத்து நிமிடம் விட்டு அலசலாம். தேவைப்பட்டால் திரும்பச் செய்யலாம். கரையில் நிறம் இருந்தால் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளோரின் ப்ளீச் வெள்ளைப் பருத்தியில் வேலை செய்யும்தான், ஆனால் கரையின் நிறத்தையும் தின்றுவிடும். எலுமிச்சையோ வினிகரோ தடவிய துணியில் அதை ஊற்றவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

இனிப் புடவை. இங்கே அவசரமே வேண்டாம். காய்ந்த பொடி கறையே அல்ல. ஈரம் படும்வரை அது துணிமேல் உட்கார்ந்திருக்கும் தூசிதான். அதனால் எவ்வளவு பொடியை உலர்வாகவே எடுக்கிறீர்களோ அவ்வளவும் லாபம். புடவையை மடிக்காமல், அந்தப் பகுதியை மேசை விளிம்புக்கு வெளியே கொண்டுவந்து முகப்புப் பக்கம் கீழே பார்க்கும்படி பிடித்து, பின்புறமிருந்து விரலால் சுண்டுங்கள். கீழே பழைய தாள் விரித்துக்கொள்ளுங்கள். பொடி கொட்டுவது நின்றதும், பவுடர் பூசும் மென்மையான பிரஷால் (புதியதாக, எண்ணெய்ப் பசை இல்லாததாக இருக்க வேண்டும்) இழை ஓடும் திசையிலேயே தள்ளிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சிலின் ஒரு துளி போதும். செல்லோடேப் ஒட்டி எடுப்பது பருத்திக்குச் சரி, பட்டில் இழையைப் பிடித்து இழுத்துவிடும். வேலை முடிந்ததா என்பதற்கு வெள்ளைத் தாள் ஒன்றை அழுத்திப் பாருங்கள். தாளில் நிறம் ஒட்டும்வரை பிரஷை நிறுத்த வேண்டாம். வியர்வையோ சந்தனமோ பட்டிராத இடம் என்றால் பல சமயம் இத்தோடு வேலை முடிந்துவிடும்.

இதற்குப் பிறகும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், பொடி எங்கோ ஈரத்தைச் சந்தித்திருக்கிறது. தண்ணீருக்குப் பதில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொடங்குங்கள். சாயத்தைக் கரைக்கும், சீக்கிரம் ஆவியாகும் என்பதால் தண்ணீர் அளவுக்குப் பரவ நேரமிருக்காது. எண்ணெயோ வாசனையோ சேர்த்த ஸ்பிரிட் வேண்டாம். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுக் காய்ந்தபின் தடம் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அடுப்பு, விளக்கு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. இடுப்பில் செருகும் முனையில், வெளியே தெரியாத இடத்தில், ஒரு சொட்டு வைத்து வெள்ளைத் துணியால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். புடவையின் சொந்த நிறம் துணியில் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது வீட்டு வேலை இல்லை.

நிறம் ஏறவில்லையா, சரி. பழைய வெள்ளைப் பருத்தித் துணியை நாலாக மடித்துக் கறைக்கு அடியில் வையுங்கள். புடவையின் முகப்பு அந்த மடிப்பைப் பார்த்திருக்க வேண்டும். காதுக்குடையும் பட்ஸை ஆல்கஹாலில் தொட்டு, சொட்டாத அளவு பிழிந்து, பின்பக்கமிருந்து ஒற்றுங்கள். புள்ளிக்கு வெளியிலிருந்து தொடங்கி உள்நோக்கி வர வேண்டும். நடுவிலிருந்து தொடங்கினால் கரைந்த சாயம் வெளிப்பக்கம் நகர்ந்துவிடும். நாலைந்து ஒற்றலுக்கு ஒருமுறை அடித்துணியைத் தூக்கிப் பாருங்கள், ரோஸ் புள்ளி இறங்கியிருக்கும். உடனே அதை நகர்த்திச் சுத்தமான இடத்தைக் கறைக்கு நேரே கொண்டுவாருங்கள். நகர்த்த மறந்தால் எடுத்த சாயத்தையே திரும்பப் புடவைக்குக் கொடுப்பீர்கள். சாயம் பக்கவாட்டில் போகக் கூடாது, கீழேதான் இறங்க வேண்டும். மொத்த வேலையும் இதற்காகத்தான்.

அடித்துணியில் புதிதாக நிறம் இறங்குவது நின்றதும் ஆல்கஹாலை விட்டுவிடுங்கள். மிச்சத்துக்கு அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் பட்டுக்கான மென்மையான திரவ சோப்பு இரண்டு சொட்டு கலந்து, அதையும் இதே முறையில் ஒற்றி, பிறகு வெறும் தண்ணீரால் ஒற்றி சோப்பை எடுங்கள். துணி சோப்புக் கட்டி பட்டுக்கு ஆகாது, அதன் காரம் பளபளப்பைக் குறைக்கும்.

காயவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஈரம் விளிம்பை நோக்கி நகர்ந்து அங்கே ஆவியாகும்போது, மிச்சமிருக்கும் துளிச் சாயத்தையும் சோப்பையும் அங்கேயே இறக்கிவிட்டுப் போகும். கறை போன இடத்தைச் சுற்றி மெல்லிய கோடாக வளையம் வருவது அதனால்தான். ஈரப் பகுதியை இரண்டு உலர்ந்த வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி ஈரத்தை எடுங்கள். ஈரத்தின் விளிம்பை, சற்றே நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பக்கமாக மங்கலாக்கிவிடுங்கள், கூர்மையான கோடு நிற்கக் கூடாது. பிறகு தட்டையாக விரித்து மின்விசிறியில் உலரவிடுங்கள். கொடியில் தொங்கவிட வேண்டாம், வெயில் வேண்டாம். கறை சுத்தமாகப் போனது உறுதியாகும்வரை இஸ்திரி போடவே போடாதீர்கள், சூடு சாயத்தை இறுக்கிவிடும்.

சிமிழ்ச் சோதனையில் மஞ்சள் குங்குமம் என்று வந்தால் வழி எளிது. பொடியை உலர்வாக எடுக்கும் வேலை அப்படியேதான். அதன்பின் பருத்தியைச் சோப்பு போட்டு அலசுங்கள். சிவந்தால் பயப்படாதீர்கள், காரத்தில்தான் மஞ்சள் நீரில் நன்றாகக் கரையும். நன்றாக அலசி ஈரத்தோடு வெயிலில் போட்டால் மிச்ச மஞ்சளை வெளிச்சமே வெளுத்துவிடும். பட்டை அப்படி வெயிலில் போடக் கூடாது. அதற்கு மேலே சொன்ன ஆல்கஹால் முறையே மஞ்சளையும் கரைக்கும்.

புள்ளி ஜரிகையின் மேல் இருந்தால் பொடியைத் தட்டுவதோடு நிறுத்துங்கள். பெராக்சைடும் புளிப்பும் ஜரிகையைக் கருக்க வைக்கும். உடல் பகுதியிலும், இத்தனைக்கும் பிறகு லேசான ரோஸ் நிழல் நின்றால் சாயம் பட்டிழைக்குள்ளேயே போய்விட்டது என்று பொருள். மேலும் ஒற்றினால் பட்டு நைந்து அந்த இடம் சொரசொரப்பாகும், நிழல் நகராது. அப்போது உலர்சலவைக்குக் கொடுங்கள். கொட்டியது சாயக் குங்குமம் என்றும், என்னென்ன தடவினீர்கள் என்றும், எந்த வரிசையில் என்றும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் புடவையோடு குத்திக் கொடுங்கள். நிறம் நீக்கும் மருந்து அவர்களிடம் இருக்கும், ஆனால் அது சந்தன நிறத்தையும் சேர்த்து வெளுக்கக்கூடியது. அதைப் போடுவதற்கு முன் உங்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.