கேஸ் நிரப்பிய வீட்டுக்கு மறுபடியும் போவது

அன்புள்ள ஐயா,

பதினோரு ஆண்டுகள் தனியாளாக ஏசி சர்வீஸ் செய்துவந்தேன். சென்ற ஆண்டு கடை பிடித்து நான்கு பையன்களைச் சேர்த்துக்கொண்டேன். கேஸ் நிரப்பிய ஏசி ஒரே மாதத்தில் மறுபடியும் குளிர்வதில்லை என்று இப்போது அடிக்கடி புகார் வருகிறது. பையன்கள் வேலை தெரிந்தவர்கள்தான். வாடிக்கையாளர்களோ, "நீங்களே வந்து பாருங்கள்" என்கிறார்கள். எங்கே தவறுகிறது?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

பையன்களின் கைத்திறனைப் பார்ப்பதற்கு முன்னால், அவர்களுக்கு எதற்காகப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். என் கடையில் ஒரு காலத்தில் சம்பளத்துக்கு மேல், கேஸ் நிரப்பும் ஒவ்வொரு வேலைக்கும் 200 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்துவந்தேன். கசிவைத் தேடிச் சரிசெய்து நிரப்ப மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெறுமனே நிரப்பிவிட்டுக் கிளம்ப அரை மணி நேரம் போதும். நிரப்பிய கேஸுக்குத்தான் காசு என்றால் எந்தப் பையனும் கேஸைத்தான் விற்பான். ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்வதல்ல, குறைந்தால் எங்கோ கசிகிறது என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் அவன் தேடாததற்குக் காரணம் நான் வைத்திருந்த கணக்கு.

ஒரே கோடையில் மூன்று முறை புகார் வந்த ஒரு வீட்டுக்கு நானே போனேன். ஆர்32 கேஸ் போட்ட ஒன்றரை டன் ஏசி அது. அவுட்டோரில் குழாய் சேரும் ஃப்ளேர் நட்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது. சோப்பு நுரை தடவியதும் கொப்புளம் விட்டது. நட்டை அளவுக்கு மீறி முறுக்கியதில் செம்புக்குழாயின் விரிந்த வாய் விண்டிருந்தது. மிச்சமிருந்த கேஸை மீட்பு சிலிண்டரில் எடுத்துவிட்டு, அந்த வாயை வெட்டிப் புதிதாக விரித்துப் பூட்டினோம். அத்துடன் முடிந்தது என்றுதான் எங்கள் பையன் நினைத்தான். ஆனால் 300 பிஎஸ்ஐ அளவுக்கு நைட்ரஜன் ஏற்றி அரை மணி நேரம் விட்டதில் கேஜின் முள் 285-க்கு இறங்கியிருந்தது. இன்டோர் சுருளின் வளைவில் இரண்டாவது ஓட்டை இருந்தது. முதல் கசிவைக் கண்ட மகிழ்ச்சியில் கேஸ் நிரப்பியிருந்தால் நான்காவது முறையும் அந்த வீட்டுக்குப் போயிருப்போம். வளைவைப் பற்றவைத்து, மறுபடியும் நைட்ரஜன் ஏற்றி முள் அசையாமல் நின்ற பிறகே வாக்யூம் போட்டோம். பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்தும் வாக்யூம் அளவு 500 மைக்ரானுக்குக் கீழேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அவுட்டோர் லேபிளில் போட்டிருந்த எடைக்குத் தராசில் வைத்துக் கேஸ் ஏற்றினோம்.

அதற்குப் பிறகு வேலைச்சீட்டில் மூன்று இடங்களை ஒதுக்கினேன்: நைட்ரஜன் முள் தொடக்கத்திலும் அரை மணி நேரத்துக்குப் பிறகும் எங்கே நின்றது, பம்பை நிறுத்தியபின் வாக்யூம் எவ்வளவு, ஏற்றிய கேஸ் எத்தனை கிராம். கேஜின் படமும் சேர்ந்து வராமல் வேலை முடிந்ததாகக் கணக்கில் ஏறாது. இதில் ஒரு தவறும் செய்தேன். இரண்டு குழுக்களுக்கும் சேர்த்து ஒரே நைட்ரஜன் சிலிண்டரும் ஒரே தராசும் வைத்திருந்தேன். கருவி கையில் இல்லாத குழு சீட்டில் உத்தேசமாக எண்களை எழுதிக் கொடுத்தது. அவர்களைத் திட்டியதற்கு இன்றும் வருந்துகிறேன். குழுவுக்கு ஒரு தொகுப்பு வாங்கிக் கொடுங்கள். நைட்ரஜன் தீர்ந்தால் வேலையைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக வெல்டிங் சிலிண்டரில் இருக்கும் ஆக்ஸிஜனை யாரும் ஏற்றிவிடக் கூடாது. கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்தால் அது வெடிக்கும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு ஹெல்பருக்கும் முதல் நாளே நான் சொல்வது இதைத்தான்.

கட்டணத்தையும் பிரித்தேன். கசிவு கண்டுபிடிப்பதற்கு ஒரு தொகை, கேஸுக்கு எடைப்படி தனித் தொகை. தேடும் நேரத்துக்கும் கூலி கிடைத்ததால் அவசரம் குறைந்தது. ஊக்கத்தொகையை 45 நாள் கழித்து, அந்த வீட்டிலிருந்து புகார் வராவிட்டால் மட்டும், மெக்கானிக்குக்கும் ஹெல்பருக்கும் பிரித்துக் கொடுத்தேன். கட்டணம் கூடுதல் என்று சிலர் வேறு கடைக்குப் போனார்கள், அதைத் தடுக்க முடியவில்லை. மிக நுண்ணிய கசிவு அரை மணி நேரச் சோதனையில் தப்பிவிடும் என்பதும் உண்மை. சந்தேகம் இருந்தால் இரவு முழுவதும் அழுத்தத்தில் விட்டு மறுநாள் பார்ப்போம். இரவில் காற்று குளிர்ந்தாலும் முள் கொஞ்சம் இறங்கும் என்பதை மட்டும் பையன்களுக்குச் சொல்லிவையுங்கள்.

உங்களைத்தான் வரச்சொல்லும் வாடிக்கையாளரிடம் இந்தச் சீட்டின் நகலைக் கொடுத்து, முள் நின்ற இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போக வேண்டியது புகார் வந்த வீடுகளுக்கு அல்ல. புகார் வராத வீடுகளில் பத்துக்கு ஒன்றுக்குப் போய், கேஜ் மாட்டிக் கேஸின் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நான் அப்படி ஒரு கோடை முழுவதும் செய்தேன்.