சிஓடி பார்சல்: காசை நீட்டும் முன் ஸ்டிக்கரைப் படியுங்கள்

(பட்டர்வொர்த்தில் ஆறு வருடம் பார்சல் வேன் ஓட்டியவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.)

"ஃபேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து 79 வெள்ளிக்கு மிக்சி ஆர்டர் செய்தேன். வந்தது ஒரு சீப்பும் பிளாஸ்டிக் டம்ளரும். நான் வேலையில் இருந்தேன், அம்மா காசு கொடுத்துவிட்டார். பெயர், நம்பர் எல்லாம் சரியாக இருந்ததாம். எதைப் பார்த்திருக்க வேண்டும்?" (பாயான் லெப்பாஸ்)

பெயரும் நம்பரும் எதையும் நிரூபிக்காது தங்கச்சி. விளம்பரத்தில் அதை நிரப்பிக் கொடுத்ததே நீங்கள்தான். ஸ்டிக்கரின் மற்ற மூன்று வரிகளைப் பார்க்க வேண்டும்: அனுப்பியவர் யார், பொருள் என்ன, எடை எவ்வளவு.

மூன்று ஜார் மிக்சி என்றால் மூன்று கிலோவுக்குக் குறையாது. ஸ்டிக்கரில் அரை கிலோ என்று இருந்தால் உள்ளே மிக்சி இல்லை. ஆனால் அந்த எடையைப் பெரும்பாலும் அனுப்புகிறவரே எழுதுவதால் அதிலும் பொய் இருக்கலாம். பெட்டியை ஒரு தடவை கையில் தூக்கிப் பாருங்கள், கை பொய் சொல்லாது. பொருளின் இடத்தில் "வீட்டுச் சாமான்" என்று மொட்டையாக இருந்து, அனுப்பியவர் பெயர் நீங்கள் ஆர்டர் செய்த கடையாகவும் இல்லாவிட்டால், "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். பார்சல் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும், உங்களுக்குச் செலவு இல்லை.

டெலிவரி பையனிடம் "பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு" என்று சண்டை போடாதீர்கள். பொதுவாக அவனுக்கு அந்த அனுமதி கிடையாது. சாயங்காலம் கிடங்கில் அவன் காசுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும், குறைந்தால் அவன் பாக்கெட்டிலிருந்துதான் போகும். நானும் ஒரு முறை அப்படி 60 வெள்ளி கட்டியிருக்கிறேன்.

இப்போது என்ன செய்யலாம்? கூரியர் வசூலித்த பணம் அன்றே விற்றவர் கைக்குப் போவதில்லை. கணக்குப் பார்த்து, சில நாட்கள் கழித்துத்தான் மொத்தமாக அனுப்புவார்கள். அதனால் அன்றே கூரியரைக் கூப்பிட்டு, ஸ்டிக்கர் நம்பரைச் சொல்லி, பொருளின் படத்தோடு புகார் கொடுத்தால் பணத்தைப் பிடித்து வைக்க ஒரு வாய்ப்பு உண்டு. கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன்.

"பிரிக்கும்போது வீடியோ எடுத்தால் காசு கண்டிப்பாகத் திரும்பி வரும், இல்லையா அண்ணே?" (பூச்சோங்)

பாதி சரி. ஷோப்பி, லசாடா போன்றவற்றில் ஆர்டர் செய்து சிஓடி கட்டினால், காசு உடனே விற்றவருக்குப் போகாது, நடுவில் நிற்கும். அங்கே வீடியோ நல்ல ஆதாரம். ஸ்டிக்கர் நம்பர் தெரியும்படி தொடங்கி, நிறுத்தாமல் எடுங்கள். பார்க்காமல் Order Received பட்டனை அழுத்தாதீர்கள், அழுத்தினால் பணம் போய்விடும். விளம்பரத்திலிருந்து நேராக வந்த பார்சலுக்கு நடுவில் அப்படி ஒரு தளம் இல்லை. வீடியோவைக் கூரியர் புகாரோடு காட்டலாம், அவ்வளவுதான்.

"நான் எதையுமே ஆர்டர் செய்யவில்லை. ஆனாலும் என் பெயரில் வருகிறது, ஜாகா பாவம் சொந்தக் காசில் வாங்கி வைக்கிறார்." (செந்தூல்)

ஜாகாவிடம் சிஓடி எதையும் வாங்க வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். வீட்டிலும் அதே மாதிரி: எதிர்பார்க்கும் பார்சலும் தொகையும் ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டியிருக்கட்டும், அதில் இல்லாததற்குக் காசு இல்லை. உங்கள் விலாசம் எப்படி வெளியே போனது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். என் சந்தேகம் முழு ஸ்டிக்கரோடு குப்பையில் போடும் பெட்டிகள் மேல், ஆனால் அது வெறும் சந்தேகம்தான்.

"நான் லிட்டில் இந்தியாவில் புடவை விற்கிறேன். சிஓடி பத்து அனுப்பினால் மூன்று திரும்பி வருகிறது. நீங்கள் ரிஜெக்ட் பண்ணச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்!" (பினாங்கு)

அக்கா, கோபம் நியாயம்தான். ஸ்டிக்கரில் கடைப் பெயரையும் "பட்டுப்புடவை 1" என்றும் தெளிவாகப் போடுங்கள். முதல் நாளே கூரியர் பெயர், நம்பர், தொகை மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். திரும்பி வருவது குறையும், நிற்காது. ஆர்டர் செய்துவிட்டு மனம் மாறுகிறவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

"997-ஐக் கூப்பிடலாமா, பயனீட்டாளர் தீர்ப்பாயமா?" (பிறை)

997 வங்கிக் கணக்கு வழியாகப் போன பணத்தைத் தடுக்க. கையில் கொடுத்த காசை அவர்களால் முடக்க முடியாது. தீர்ப்பாயத்தில் மனு போட 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் எதிராளியின் பெயரும் விலாசமும் வேண்டும். ஸ்டிக்கரில் இருப்பது வெறும் கிடங்கு விலாசம் என்றால் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

"அண்ணே, மறுபடியும் பாயான் லெப்பாஸ்தான். அந்த ஸ்டிக்கரை அம்மா பெட்டியோடு தூக்கிப் போட்டுவிட்டாரே?"

கூரியர் அனுப்பிய எஸ்எம்எஸ் இருந்தால் அதில் நம்பர் இருக்கும், தேடுங்கள். இல்லையென்றால் போன் நம்பரையும் பார்சல் வந்த நாளையும் தொகையையும் சொல்லிக் கேளுங்கள். மதியத்துக்குள் கூப்பிடுங்கள்.