ஓ.டி.யா, டேர்ம் லோனா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஓ.டி. என்கிற ஓவர்டிராஃப்ட், வங்கி வைத்த லிமிட்டுக்குள் வேண்டும்போது எடுத்து, பணம் வந்ததும் கட்டும் கடன். டேர்ம் லோன் மொத்தமாக வாங்கி மாதத் தவணையில் அடைப்பது. இவை பற்றிச் சிறு தொழில் செய்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை எடுத்துக்கொண்டேன். கடன் தொகையும் வட்டி விகிதமும் கேட்டவர்கள் சொன்னவை. உங்கள் வங்கியின் விகிதத்தைப் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆர்டர் வரும்போது மூலப்பொருள் வாங்க 6 லட்சம் தேவைப்படுகிறது. சரக்கை அனுப்பி 45 நாளில் பணம் வந்துவிடும். வருடத்துக்கு இரண்டு தடவை இப்படி. ஓ.டி.க்கு 12 சதவீதம், ஓராண்டு டேர்ம் லோனுக்கு 10.5 சதவீதம் என்கிறார்கள். வட்டி குறைவாக இருப்பதையே எடுத்துவிடலாமா?

வேண்டாம். வட்டி எத்தனை சதவீதம் என்பதோடு, அது எத்தனை நாளுக்கு, எவ்வளவு தொகைக்கு ஓடுகிறது என்பதையும் பாருங்கள்.

ஓ.டி.யில் அன்றன்று நிலுவையில் இருக்கும் தொகைக்குத்தான் வட்டி. 6 லட்சத்தை 45 நாள் வைத்திருந்தால் சுமார் 8,880 ஆகும். இரண்டு தடவைக்கு 17,750. லிமிட்டுக்கு ஒரு சதவீதம் பிராசசிங் கட்டணம் என்றால் 6,000. பயன்படுத்தாத லிமிட்டுக்கும் சில வங்கிகள் கட்டணம் பிடிக்கும். அது வருடத்துக்கு அரை சதவீதம் என்று வைத்தால் இன்னும் 2,260. எல்லாம் சேர்த்து 26,000 வருகிறது.

டேர்ம் லோனில் மாதத் தவணை சுமார் 52,900. ஓராண்டில் வட்டி மட்டும் 34,700 போகும். அதே பிராசசிங் கட்டணத்தையும் சேர்த்தால் 40,700. விகிதம் குறைவு, கட்டும் தொகை அதிகம்.

இந்த வித்தியாசத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது தேதிகள். முதல் தவணை முப்பதாம் நாள் வந்து நிற்கும். உங்கள் பணமோ நாற்பத்தைந்தாம் நாள்தான் வரும். அந்தப் பதினைந்து நாளைச் சமாளிக்க 52,900-க்கு யாரிடம் கை நீட்டுவீர்கள்? ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஆர்டர் வரும்போது அசலில் கிட்டத்தட்ட பாதியைக் கட்டி முடித்திருப்பீர்கள். கட்டிய அசலைத் திரும்ப எடுக்க டேர்ம் லோனில் வழியில்லை. ஓ.டி.யில் கட்டியதும் லிமிட் பழையபடி திறந்துகொள்ளும்.

கேள்வி: அப்படியானால் எப்போதுமே ஓ.டி.தான் மலிவா?

இல்லை. மேலே சொன்ன அதே விகிதத்தில், 6 லட்சத்தையும் முழுதாக எடுத்து வருடத்தில் சுமார் 170 நாளுக்கு மேல் வைத்திருந்தால், ஓ.டி.க்குக் கட்டுவது டேர்ம் லோனைத் தாண்டிவிடும். பாதி வருடம் அடைக்காமல் கிடக்கிற பணத்தைக் குறுகிய காலத் தேவை என்று சொல்வதும் கஷ்டம்தான்.

கேள்வி: எனக்கு 10 லட்சம் ஓ.டி. லிமிட் இருக்கிறது. வட்டியை ஒழுங்காகக் கட்டுகிறேன். ஆனால் மேனேஜர், "இதில் ஒரு பகுதியை டேர்ம் லோனாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார். லிமிட்டைப் பிடுங்கப் பார்க்கிறாரா?

நீங்கள் அனுப்பிய பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்டைப் பார்த்தேன். மேனேஜர் சொல்வது நியாயம்.

நீங்களே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு மாதத்திலும் நிலுவை ஏறிய உச்சத்தையும் இறங்கிய அடிமட்டத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். உச்சம் 8, 9 லட்சம் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. அது சரக்கு வாங்குவதும் வசூல் வருவதுமாக நடக்கிற இயல்பான ஓட்டம். அடிமட்டமோ எந்த மாதத்திலும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்த 4 லட்சம் போன வருடம் முழுக்க அசையவில்லை. எந்த வசூலாலும் அதை அடைக்க முடியவில்லை என்றால், அது உங்களிடம் நிரந்தரமாகத் தங்கிவிட்ட கடன்.

எப்படித் தங்கியது? இந்த ஸ்டேட்மென்ட் தொடங்குவதற்கு முன்பே 3 லட்சத்துக்கு மெஷின் வாங்கியிருக்கிறீர்கள். மெஷின் தன் விலையைச் சம்பாதித்துக் கொடுக்க மூன்று, நான்கு வருடம் ஆகும். அதை ஓ.டி.யில் வாங்கினால், மூலப்பொருளுக்கு இருக்க வேண்டிய இடத்தை மெஷின் பிடித்துக்கொள்ளும். மீதி ஒரு லட்சம், அப்போதே மாதா மாதம் வீட்டுச் செலவுக்கு எடுத்ததில் போயிருக்கிறது.

அந்த 4 லட்சத்தை 11 சதவீதத்தில் மூன்று வருட டேர்ம் லோனாக மாற்றினால் தவணை சுமார் 13,100. எல்லாச் செலவும் போக, நீங்கள் எடுப்பதும் போக, மாதம் அவ்வளவு மிஞ்சுமா என்று முதலில் பாருங்கள். மிஞ்சாது என்றால் கடனின் பெயரை மாற்றிப் பயனில்லை. தொழில் நஷ்டத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். மிஞ்சும் என்றால் மாற்றுங்கள். கூடவே ஓ.டி. லிமிட்டை 6 லட்சமாகக் குறைக்க நீங்களே சம்மதியுங்கள். கேட்கக் கசப்பாக இருக்கும். லிமிட்டை 10-லேயே வைத்துக்கொண்டவர்கள் பலர் இரண்டு வருடத்தில் ஓ.டி.யையும் நிரப்பி, தவணையையும் கட்ட முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: லிமிட்டுக்குள்தான் எடுத்திருந்தேன். மாதக் கடைசியில் கொடுத்த 4,000 செக் திரும்பிவிட்டது. வங்கியின் தவறா?

பெரும்பாலும் இல்லை. மாதம் முழுக்க உங்கள் நிலுவை 9,95,000. லிமிட் 10 லட்சம் என்பதால் 5,000 பாக்கி இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் மாதக் கடைசியில் அந்த மாத வட்டியை வங்கி இதே கணக்கில்தான் பற்று வைக்கும். 12 சதவீதத்தில் முப்பது நாளுக்கு 9,814. நிலுவை 10,04,814 ஆகி லிமிட்டைத் தாண்டிவிட்டது. அதன் பிறகு வந்த செக் எப்படிப் பாஸாகும்? தாண்டிய தொகைக்கு அபராதக் கட்டணமும் வரலாம். அந்த மாத வட்டி அளவுக்காவது லிமிட்டில் எப்போதும் இடம் விட்டு வையுங்கள்.

கேள்வி: லிமிட் 10 லட்சம் என்று கடிதம் கொடுத்தார்கள். இப்போது 6 லட்சத்துக்கு மேல் எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள். இது முறையா?

வாடிக்கையாளர்கள் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கியை ஈடாக வைத்து ஓ.டி. கொடுக்கப்பட்டிருந்தால், முறைதான். லிமிட் என்பது உச்சவரம்பு. இன்றைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதை உங்கள் பாக்கிப் பட்டியல் தீர்மானிக்கும். மொத்தம் 12 லட்சம் வர வேண்டியிருக்கிறது, அதில் 4 லட்சம் 90 நாளைத் தாண்டிய பழைய பாக்கி என்கிறீர்கள். பழையதை வங்கி கணக்கில் சேர்க்காது. மீதி 8 லட்சத்தில் கால் பங்கைக் கழித்தால் 6 லட்சம். அந்தக் கணக்குதான் இது. ஒப்புதல் கடிதத்தில் எத்தனை நாள் வரையிலான பாக்கி சேரும், எவ்வளவு சதவீதம் கழிப்பார்கள் என்று எழுதியிருக்கும். எடுத்துப் படியுங்கள்.

இந்தக் குறையை அடைக்க டேர்ம் லோன் கேட்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். வசூலாகாத பாக்கிக்காகத் தவணைக் கடனை ஏற்றாதீர்கள். அந்த 4 லட்சத்தில் இரண்டு லட்சத்தை வசூலித்தாலே ஓ.டி. நிலுவை அந்த அளவுக்கு இறங்கும். அடுத்த கொள்முதலுக்கு அவ்வளவு இடம் கிடைக்கும்.