மேல் கடைவாய்ல இம்ப்ளான்ட், அதுக்கு முன்னாடி சைனஸ் லிஃப்ட்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

மேல வலது பக்கம் கடைவாய்ப்பல்லு ஒண்ண 6 வருஷத்துக்கு முன்னாடி எடுத்தாச்சு. இப்ப இம்ப்ளான்ட் வைக்கலாம்னு போனா எலும்பே இல்ல, சைனஸ் லிஃப்ட் பண்ணணும்னு சொல்றாங்க. எங்க வீட்டுக்காரருக்கு கீழ்த்தாடையில எதுவுமே பண்ணாம நேரா வச்சாங்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி? (திருச்சி வாசகி, வயசு 52)

கீழ்த்தாடை வேற, மேல்தாடையோட பின்பக்கம் வேறம்மா. மேல் கடைவாய்ப்பல்லு வேருக்கு நேர் மேல, கன்னத்துக்குள்ள ரெண்டு பக்கமும் காத்து நிறைஞ்ச ஒரு அறை இருக்கு, அதுதான் சைனஸ். பல்லு இருக்குற வரைக்கும் அந்த எடத்து எலும்புக்கு கடிக்கிற வேலை இருக்கும், பல்ல எடுத்துட்டா அந்த வேலை நின்னு போயி எலும்பு கீழேருந்து கரைய ஆரம்பிக்கும், அதே நேரத்துல மேலேருந்து சைனஸும் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கி வரும். ரெண்டு பக்கமும் தேய்ஞ்சு நடுவுல மிஞ்சுற எலும்பு சில பேருக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். பல்லு வேருக்குப் பதிலா நாங்க சாதாரணமா எலும்புல திருகி வைக்கிற இம்ப்ளான்ட் 10 மில்லிமீட்டர் நீளம், கீழ 3 மில்லிமீட்டர் எலும்புல நின்னுக்கிட்டு மீதி 7 மில்லிமீட்டர் காத்துல தொங்குனா அது நிக்காது.

நீங்க அனுப்புன சிபிசிடில, அதாவது தாடையை முப்பரிமாணமா காட்டுற ஸ்கேன்ல, மீதி எலும்பு உயரம் 3.2 மில்லிமீட்டர்னு எழுதியிருக்கு, அகலம் 8 மில்லிமீட்டர் இருக்கு. அகலம் நல்லாவே இருக்கு, உயரம்தான் குறைச்சல், அதனால உங்க டாக்டர் சொன்னது சரிதான். சைனஸ் லிஃப்ட் பொதுவா எப்படி போகும்னு சொல்றேன். மரத்துப்போற ஊசி போட்டு பக்கவாட்டுல ஈறைத் திறந்து, எலும்புச் சுவத்துல ஒரு சென்டிமீட்டருக்கு உள்ள ஒரு சின்ன ஜன்னல் மாதிரி திறப்பாங்க. உள்ள சைனஸோட சவ்வு தெரியும், முட்டை ஓட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்குமே ஒரு மெல்லிசு தோலு, அதே மாதிரிதான் இருக்கும். அதைக் கிழிக்காம மெதுவா எலும்புலேருந்து பிரிச்சு மேல தூக்கிட்டு, கீழ உண்டாகுற காலி எடத்துல எலும்புத் துகளை நிரப்புவாங்க. ஒரு பல்லுக்கு கிட்டத்தட்ட 1 சிசி போதும். ஜன்னல் மேல கொலாஜன் மெம்பிரேன்னு மெல்லிசா ஒரு புரதத் தகடு வச்சு மூடி தையல் போட்டுருவாங்க. ஒரு மணி, ஒன்றரை மணி நேர வேலை, மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது.

10லேருந்து 14 நாளுக்குள்ள தையல் பிரிப்பாங்க. அப்புறம் ஒரு 6 மாசம், சில பேருக்கு 8, 9 மாசம் கூட சும்மா விடணும், ஏன்னா போட்ட துகளுக்கு நடுவுல சைனஸ் சுவத்துலேருந்துதான் புது எலும்பு வளர்ந்து வரணும், அதுக்கு அவசரம் காட்ட முடியாது. திரும்ப ஸ்கேன் எடுத்துப் பாத்து 10 மில்லிமீட்டருக்கு மேல வந்திருந்தா இம்ப்ளான்ட், அதுக்கப்புறம் 3, 4 மாசம் கழிச்சு மேல பல்லு. மொத்தமா பாத்தா ஒரு வருஷம்னு மனசுல வச்சுக்கோங்க. 3 மாசத்துல முடிச்சுத் தரேன்னு உங்க ஸ்கேனை வச்சுக்கிட்டு யாராவது சொன்னா, எப்படின்னு கேளுங்க.

ஒரு டாக்டர் சைனஸ் லிஃப்ட் பண்ற அன்னைக்கே இம்ப்ளான்ட்டும் வச்சுடலாம்னு சொல்றார், இன்னொருத்தர் 6 மாசம் கழிச்சுத்தான்னு சொல்றார். இதுல யாரு சொல்றது சரி?

உங்க மீதி எலும்பு எத்தனை மில்லிமீட்டர்னு நீங்க எழுதல, அது தெரியாம யாரு சரின்னு சொல்ல முடியாது சார். இந்த விஷயம் முழுக்க அந்த ஒரு அளவைச் சுத்தித்தான் ஓடுது. புதுசா போட்ட துகளுக்கு இம்ப்ளான்ட்டைப் பிடிச்சு நிறுத்துற பலம் கிடையாது, முதல் சில மாசம் அதைப் பிடிச்சுக்கிறது உங்க பழைய எலும்புதான். அது 5 மில்லிமீட்டர் கிட்ட இருந்து ஓரளவு கெட்டியாவும் இருந்தா அன்னைக்கே வச்சுடலாம், ஒரு ஆபரேஷன் மிச்சம். 3, 4 மில்லிமீட்டருக்கு கீழ போனா, அதுவும் மேல் பின்பக்க எலும்பு இயல்பாவே மிருதுவா இருக்குறதால, இம்ப்ளான்ட் லேசா ஆட்டம் கண்டாலும் எலும்போட ஒட்டாது, சில சமயம் நழுவி சைனஸுக்குள்ளயே போயிடும், அப்புறம் அதை எடுக்க தனியா ஒரு ஆபரேஷன். கைதேர்ந்தவங்க இதைவிடக் கம்மியான எலும்புலயும் அன்னைக்கே வைக்கிறது உண்டு, ஆனா உங்க எலும்பு அப்படி மெல்லிசா இருந்தா நான் காத்திருக்கத்தான் சொல்வேன்.

6லேருந்து 8 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்குறவங்களுக்கு ஜன்னலே வேண்டாம். இம்ப்ளான்ட் போடுற ஓட்டை வழியாவே உள்ளேருந்து சவ்வை 2, 3 மில்லிமீட்டர் மேல தூக்கி அன்னைக்கே இம்ப்ளான்ட் வச்சு முடிச்சுடலாம், வீக்கமும் ரொம்பக் கம்மி. 1994ல சம்மர்ஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர் இந்த முறையை எழுதி வச்சார். அவர் முறையில சின்ன சுத்தியலால தட்டுவாங்க, அந்த அதிர்ச்சியில சில பேருக்கு ஆபரேஷன் முடிஞ்சு எந்திரிக்கும்போதோ படுக்கையில திரும்பும்போதோ தலை சுத்தும். காதுக்குள்ள இருக்குற நுண்ணிய கல்லு எடம் மாறுறதால வர்றது அது, பயப்பட வேண்டியதில்ல, ஈஎன்டி டாக்டர் தலையைத் திருப்பி வைக்கிற ஒரு பயிற்சியிலயே சரி பண்ணிடுவார். இப்ப நெறைய பேரு தட்டாம அதுக்குன்னே வந்திருக்குற டிரில்லு வச்சுப் பண்றாங்க.

ரெண்டு தாடையையும் ஒரே தட்டையான படமா காட்டுற ஓபிஜி எக்ஸ்ரே மட்டும் பாத்து இந்த முடிவெல்லாம் எடுக்கக் கூடாது. அதுல அளவு பெருசா காட்டும், சவ்வு தடிச்சிருக்கா, சைனஸுக்கு நடுவுல எலும்புத் தடுப்பு இருக்கா, பக்கச் சுவத்துல ரத்தக்குழாய் எங்க ஓடுதுன்னு எதுவும் சரியா தெரியாது. சிபிசிடி கேளுங்க.

அந்த எலும்புப் பொடி மாட்டு எலும்புன்னு கேள்விப்பட்டேன், உண்மையா? எங்க வீட்டுல யாரும் தொடமாட்டோம்.

உண்மைதான்மா. உலகம் முழுக்க அதிகமா உபயோகத்துல இருக்குறது மாட்டு எலும்புலேருந்து வர்ற துகள்தான், உள்ள இருக்குற புரதத்தையெல்லாம் நீக்கி வெறும் தாது மட்டும் மிஞ்சுற மாதிரி பதப்படுத்தியிருப்பாங்க. மெதுவா கரையும், பல வருஷம் அப்படியே நிக்கும், சைனஸுக்குள்ள காத்தழுத்தம் இருக்குறதால உயரம் குறையாம இருக்கணுமே, அதுக்குத்தான் டாக்டருங்க அதை விரும்புறாங்க. ஜன்னலை மூடுற கொலாஜன் மெம்பிரேன் பன்னியிலேருந்து வர்றதும் இருக்கு, முஸ்லிம் நண்பர்கள் இதைக் கவனிக்கணும்.

மாத்து வழி இருக்கு. பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட், ஹைட்ராக்ஸிஅபட்டைட்னு முழுக்க செயற்கையா செய்யுற துகள் கிடைக்குது, சைனஸுக்குள்ள நல்லாவே வேலை செய்யும். உங்க சொந்த எலும்பையே தாடையோட வேற பக்கத்துலேருந்து சுரண்டி எடுத்துக் கலக்கலாம், உங்க ரத்தத்தையே மெஷின்ல சுழல விட்டு எடுக்குற பிஆர்எஃப்ங்கிற ஜவ்வை மெம்பிரேனுக்குப் பதிலா வைக்கலாம். ஆனா இதை ஆபரேஷனுக்கு முன்னாடியே வாய்விட்டுச் சொல்லணும், டப்பாவுல மூலப்பொருள் என்னன்னு எழுதியிருக்கும், அதைக் காட்டச் சொல்லிக் கேக்குறதுல தப்பே இல்ல. இதை நோயாளி கேக்குற வரைக்கும் காத்திருக்காம டாக்டரே முன்வந்து சொல்லணும்ங்கிறது என் உறுதியான கருத்து.

அப்பாவுக்கு ஆபரேஷன் பாதியில நிறுத்திட்டாங்க, சவ்வு கிழிஞ்சுடுச்சாம், 3 மாசம் கழிச்சு வரச் சொல்றாங்க. டாக்டருக்கு அனுபவம் இல்லையோன்னு வீட்டுல பேசிக்கிறோம்.

அப்படி நினைக்காதீங்க தம்பி. இந்த ஆபரேஷன்ல அதிகமா நடக்குற சிக்கலே சவ்வு கிழியுறதுதான், ரொம்ப அனுபவம் உள்ளவங்க கையிலயும் நடக்கும், சவ்வு ரொம்ப மெல்லிசா இருந்தாலோ நடுவுல எலும்புத் தடுப்பு இருந்தாலோ வாய்ப்பு இன்னும் கூடும். 5 மில்லிமீட்டருக்கு உள்ள சின்னக் கிழிசல்னா மேல ஒரு கொலாஜன் மெம்பிரேன் ஒட்டி வச்சுட்டு வேலையைத் தொடரலாம். பெருசா கிழிஞ்சா துகளை நிரப்பவே கூடாது, நிரப்புனா அது சைனஸுக்குள்ள சிதறி, மூக்குக்குப் போற வாசலை அடைச்சு, சீழ் பிடிச்சு, கடைசியில எல்லாத்தையும் எடுக்க வேண்டி வரும். உங்க அப்பாவோட டாக்டர் நிறுத்துனது சரியான முடிவு. 2, 3 மாசத்துல சவ்வு தானா ஆறிடும், திரும்ப முயற்சி பண்ணலாம்.

பண்ணி 5 நாள் ஆச்சு. மூக்குல லேசா ரத்தம், மணல் மாதிரி ரெண்டு மூணு துகள் வந்துச்சு. கன்னமும் கண்ணுக்குக் கீழயும் வீங்கியிருக்கு. பயமா இருக்கு.

வீக்கம் 2வது, 3வது நாள்ல உச்சத்துக்குப் போயி அப்புறம் இறங்கணும், கண்ணுக்குக் கீழ நீலம் பூத்து மஞ்சளாகி மறையும், அந்தப் பக்க மூக்குல முதல் சில நாள் லேசா ரத்தக்கசிவு வர்றது சகஜம். ஆனா துகள் மூக்கு வழியா வருதுன்னா எங்கயோ சின்னக் கிழிசல் இருக்குன்னு அர்த்தம், ரெண்டு மூணோட நின்னுட்டா பெரும்பாலும் ஆறிடும், இருந்தாலும் இன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணிச் சொல்லிடுங்க.

மூக்கைச் சிந்தவே கூடாது, ரெண்டு வாரத்துக்கு. தும்மல் வந்தா அடக்காதீங்க, மூக்கையும் பொத்தாதீங்க, வாயை நல்லாத் திறந்து தும்முங்க. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக் குடிக்காதீங்க. காரணம் ஒண்ணுதான், உள்ள ஒரு அழுத்தம் ஏறுனா இன்னும் ஒட்டாத சவ்வு பிரிஞ்சு துகள் நகர்ந்துடும்.

இறங்குன வீக்கம் திரும்ப ஏறுது, வலி கூடிக்கிட்டே போகுது, காய்ச்சல், ஒரு பக்க மூக்குல மட்டும் நாத்தம் அடிக்கிற சளி, வாயில உப்பு கரிக்கிற மாதிரி ஏதோ ஒழுகுது, இதுல எதுவா இருந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம போயிடணும். சீக்கிரம் போனா மருந்திலயே காப்பாத்த வாய்ப்பு இருக்கு, தாமதமானா திறந்து கழுவி துகளை எடுக்க வேண்டி வரும்.

எனக்கு சைனஸ் தொல்லை உண்டு, சிகரெட்டும் உண்டு. பண்ணலாமா?

தும்மல், மூக்கொழுகல்னு அலர்ஜியா இருந்தா அது அடங்குன நேரமாப் பாத்துப் பண்ணலாம். ஸ்கேன்ல சைனஸ் பாதி அடைஞ்சிருந்தாலோ சீழ் இருந்தாலோ முதல்ல ஈஎன்டி டாக்டர், அப்புறம்தான் நாங்க. சில சமயம் பக்கத்துல இருக்குற சொத்தைப் பல்லோட வேர்தான் சைனஸையே கெடுத்து வச்சிருக்கும், அந்தப் பல்லைச் சரி பண்ணுனாலே பாதி சரியாகும். சிகரெட்டை ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தணும், புது எலும்பு வளர்ற மாசங்கள்லயும் தொடக் கூடாது, தொட்டா இம்ப்ளான்ட் தோத்துப் போற வாய்ப்பு நிஜமாவே கூடுது. சர்க்கரை இருந்தா எச்பிஏ1சி ரிப்போர்ட் கொண்டு போங்க, எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ போட்டிருந்தா அதை மறைக்காம சொல்லுங்க.

இதெல்லாம் இல்லாம முடிக்க வழியே இல்லையா?

இருக்கு. 6 மில்லிமீட்டர் நீளத்துல குட்டை இம்ப்ளான்ட் வருது, எலும்பு 6, 7 மில்லிமீட்டர் இருந்து அகலமும் இருந்தா பல நேரம் அதுவே போதும், அந்த இடத்துல நான் முதல்ல யோசிக்கிறது அதைத்தான். ரெண்டு பக்கப் பல்லும் ஏற்கனவே கேப் போட்டிருந்தா பிரிட்ஜ் தப்பே இல்ல. கடைசிப் பல்லு ஒண்ணு மட்டும் இல்ல, சாப்பிட சிரமமே இல்லன்னா அப்படியே விடுறதும் ஒரு வழிதான், அதையும் டாக்டர்கிட்ட வெளிப்படையா கேளுங்க.

ஆபரேஷன் முடிஞ்சு 4வது நாள் துபாய் ஃப்ளைட் இருக்கு, போகலாமா?

வேண்டாம் சார். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் சைனஸுக்குள்ள அழுத்தம் மாறும். டிக்கெட்டை ரெண்டு வாரம் தள்ளிப் போடுங்க, முடியலன்னா ஆபரேஷனை லீவுல அடுத்த தடவை ஊருக்கு வரும்போது வச்சுக்கோங்க.