தமிழ் வாசக அட்டையில் எழுத்து நடுவில் நிற்காதது ஏன்?

கேள்வி: இன்ஸ்டாவுக்கு வாசக அட்டை செய்கிறேன். எழுத்தை நட்டநடுவில்தான் வைக்கிறேன், ஆனாலும் ஏதோ சரிந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. ஓரத்தில் எவ்வளவு இடம் விடணும்? அலட்டல் இல்லாத ஃபாண்ட் எது?

பதில்: செயலி நடுவில் வைப்பது எழுத்தைச் சுற்றியுள்ள, கண்ணுக்குத் தெரியாத பெட்டியை. கண் பார்ப்பது எழுத்தின் கோடுகளை. தமிழில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம் அதிகம். மேலே புள்ளிக்கும் ‘ரி’, ‘வி’ போன்றவற்றின் தலைமேல் வளையும் விசிறிக்கும், கீழே ‘ழூ’, ‘ஸ்ரீ’ போன்றவற்றின் வாலுக்கும் ஃபாண்ட் இடம் ஒதுக்கி வைத்திருக்கும். உங்கள் வாசகத்தில் அந்த எழுத்துகள் இல்லாவிட்டாலும் ஒதுக்கிய இடம் பெட்டிக்குள் அப்படியே இருக்கும்.

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்ற பழமொழியை வைத்தே பார்ப்போம். அட்டை 1080 அகலம், 1350 உயரம். இடம் வலம் இரண்டு பக்கமும் 120 பிக்சல் விடுங்கள், எழுத்துக்கு 840 கிடைக்கும். இன்ஸ்டா பக்கத்துக் கட்டங்களில் இந்த அட்டை 3:4 ஆக வெட்டுப்படும்போது பக்கத்துக்கு 34 பிக்சல் போகும். அதற்கும் இந்த ஓரம் தாங்கும். சதுரமாக வெட்டும் இடங்களில் மேலும் கீழும் 135 போகும் என்பதால் அந்தப் பட்டைகளில் எதையும் வைக்காதீர்கள், உங்கள் பக்கத்தின் பெயரைக்கூட.

வரியைப் பொருள் பார்த்து நீங்களே ஒடியுங்கள்: ‘ஆழம் தெரியாமல்’ ஒரு வரி, ‘காலை விடாதே’ அடுத்த வரி. செயலியிடம் விட்டால், எழுத்தளவைப் பொறுத்து, ‘ஆழம் தெரியாமல் காலை’ என்று ஒடித்துவிட்டு ‘விடாதே’யைத் தனியே தொங்கவிடலாம். பிறகு நீளமான வரி 780 பிக்சல் வரும்வரை எழுத்தைப் பெரிதாக்குங்கள். எழுத்தளவு எண்ணைப் பார்த்து வைக்க வேண்டாம். அதே எண்ணில் ஒரு ஃபாண்ட் பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் தெரியும். வரி இடைவெளி 1.4 அல்லது 1.45 இருக்கட்டும். ஆங்கிலத்துக்குப் போதுமான 1.2-ஐ வைத்தால் மேல்வரியின் வால்கள் கீழ்வரியின் விசிறிகளை நெருங்கிவிடும்.

இப்போது நடு. 120 பிக்சல் அகலத்தில் ஒரு சிவப்புக் கட்டம் போட்டு இடது ஓரத்தில் ஒட்டி வையுங்கள், அதன் நகலை வலது ஓரத்தில். எந்த எழுத்தும் அவற்றைத் தொடக்கூடாது. அடுத்து மேலிருந்து முதல் வரி ‘ஆ’வின் தலைவரை ஒரு கட்டம், இரண்டாம் வரி ‘கா’வின் அடிமுதல் அட்டையின் அடிவரை இன்னொன்று. புள்ளியையும் வாலையும் அளவில் சேர்க்காதீர்கள், கண் அவற்றுக்குப் பெரிய கனம் கொடுப்பதில்லை. இரண்டு வரியும் சேர்ந்து 200 பிக்சல் உயரம் என்றால் மிச்சம் 1150, ஆளுக்கு 575. ஆனால் சரிபாதியில் வைத்தால் வாசகம் கீழே இறங்கியதாகத் தோன்றும், அதனால் 25 பிக்சல் மேலே தூக்குங்கள்: மேலே 550, கீழே 600. சரிபார்த்ததும் கட்டங்களை அழித்துவிடலாம்.

பக்கவாட்டில் சரிவது பெரும்பாலும் மேற்கோள் குறியாலும் முற்றுப்புள்ளியாலும். அவற்றுக்கும் அகலம் உண்டு என்பதால், வரிக்கடைசியில் ஒரு புள்ளி வைத்தாலே சொற்கள் அதில் பாதி தூரம் இடப்பக்கம் நகரும். அட்டையில் தனியே நிற்கும் வாசகத்துக்கு இரண்டும் தேவையில்லை, எடுத்துவிடுங்கள். வாசகம் நாலு வரியைத் தாண்டினால் நடுச்சீர் வேண்டாம், இடப்பக்கம் நேர்படுத்துங்கள். அதற்கும் மேல் நீண்டால் அது அட்டைக்கான சரக்கே இல்லை.

ஃபாண்ட்: கொஞ்சம் அச்சுப்புத்தகத் தோற்றம் வேண்டுமானால் `Noto Serif Tamil`, நேர்கோட்டுத் தோற்றத்துக்கு `Mukta Malar`. இரண்டும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். ஒரு அட்டைக்கு ஒன்று போதும். தடிமன் `Regular` அல்லது `Medium`. ஃபாண்டில் தடித்த வடிவம் இல்லாதபோது B பொத்தானை அழுத்தினால், சில செயலிகள் கோட்டைச் சும்மா வீங்க வைக்கும். ‘ண’, ‘ன’ சுழிகள் அடைத்துக்கொண்டு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எழுத்து இடைவெளியைச் சுழியத்திலேயே விடுங்கள். கூட்டினால் சில செயலிகளில் ‘தெ’யில் கொம்பு ஒருபக்கம், ‘த’ ஒருபக்கம் என்று பிரிந்து நிற்கும். ஆங்கில வார்ப்புருவை எடுத்துத் தமிழை ஒட்டும்போது இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் இடைவெளி அதில் முன்பே கூட்டி வைக்கப்பட்டிருக்கும்.

PNG ஆகச் சேமியுங்கள். கருப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து வேண்டாம். வாட்ஸாப் படத்தைச் சுருக்கும்போது முதலில் கலங்குவது அந்தச் சிவப்பின் விளிம்புதான். வெளிர் பின்னணியில் கருஞ்சாம்பல் எழுத்து என்றால் சுருங்கினாலும் சுழிகள் திறந்தே இருக்கும்.