ஐம்பது புழுவா, ஒரே ஒரு தட்டா? ரெப்ளிகேட் பற்றி வந்த கேள்விகள்

இந்தத் தடவை வந்த கேள்விகள் பாதிக்கு மேல் "என் n எத்தனை?", அதாவது சோதனையில் எத்தனை தனி ரெப்ளிகேட் இருப்பதாக எண்ணலாம், என்ற ஒரே இடத்தைத்தான் சுற்றி வந்தன. பாலக்கோட்டிலிருந்து வந்த பட்டுப்புழுக் கேள்விக்கு அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அதைப் பிடித்துவிட்டால் மற்றவை தானாகவே வந்துவிடும்.

சார், ஒரு புழுவின் ரத்தநீரை மூன்று வெல்லில் போட்டுப் புரதம் அளந்தேன். n = 3 என்று எழுதலாமா? (காவேரிப்பட்டணம்)

எழுதக் கூடாது. உங்கள் n ஒன்று. மூன்று வெல்லிலும் இருப்பது ஒரே புழுவின் ரத்தநீர். அந்த மூன்று எண்ணும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வந்தால் உங்கள் பிபெட்டும் கையும் நிதானமாக இருக்கின்றன என்று அர்த்தம், அவ்வளவுதான். இது டெக்னிகல் ரெப்ளிகேட். வேறு புழு, வேறு செடி, வேறு ஆள் என்று எடுத்து, அவற்றுக்குள் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் பயாலஜிகல் ரெப்ளிகேட். மூன்று வெல்லின் சராசரியை எடுத்து அந்தப் புழுவுக்கு ஒரே எண்ணாக எழுதிவையுங்கள்.

சார், மல்பெரி இலையில் ஒரு நுண்ணுயிர்க் கரைசலைத் தெளித்து ஒரு தட்டுப் புழுக்களுக்குக் கொடுத்தேன். இன்னொரு தட்டுக்கு வெறும் தண்ணீர் தெளித்த இலை. தட்டுக்கு 50 கூடு எடை போட்டேன். தண்ணீர் தட்டில் சராசரி 1.80 கிராம், கரைசல் தட்டில் 1.92, இரண்டிலும் விலக்கம் 0.20. டி-டெஸ்ட்டில் p = 0.003 வந்தது. புழுக்கள் எல்லாம் தனித்தனி உயிர்தானே, n = 50 என்பதில் என்ன தவறு என்று கைடிடம் கேட்டேன், சரியான பதில் கிடைக்கவில்லை. (பாலக்கோடு)

உங்கள் கேள்வி நியாயமானது. புழுக்கள் தனித்தனி உயிர்தான், அதனால் இதை டெக்னிகல் ரெப்ளிகேட் என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கரைசலைக் கொடுத்தது புழுவுக்கா, தட்டுக்கா? தட்டுக்கு. இலையை ஒரே நேரத்தில் ஒரே தட்டில் பரப்பினீர்கள், 50 புழுவும் சேர்ந்து தின்றன. எதற்குத் தனித்தனியாகச் சிகிச்சை கொடுத்தீர்களோ அதைத்தான் எண்ண வேண்டும், ஆக ஒவ்வொரு பக்கமும் n = 1. தட்டுக்குள் இருக்கிற புழுக்களைத் தனி ரெப்ளிகேட் மாதிரி எண்ணுவதைத்தான் சூடோரெப்ளிகேஷன் என்கிறோம். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-ல் சூழலியல் சோதனைகளை அலசி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தச் சொல் பரவியது.

தட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்று வளர்ப்பு மனையில் நின்று பார்த்தாலே தெரியும். அலமாரியின் மேல் தட்டில் சூடு கொஞ்சம் அதிகம், சன்னல் ஓரத் தட்டில் இலை சீக்கிரம் வாடும், வாடிய இலையைப் புழு குறைவாகத் தின்னும், ஒரு தட்டில் நெருக்கம் கூடினால் எல்லாப் புழுவுக்குமே தீனி குறையும். இதில் எது நடந்தாலும் அந்தத் தட்டின் 50 கூடும் சேர்ந்தே கனக்கும் அல்லது சேர்ந்தே இளைக்கும். உங்கள் 0.12 கிராம் கரைசலால் வந்ததா, தட்டு இருந்த இடத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல அந்த 100 கூட்டுக்குள் வழியே இல்லை. 500 கூடு எடை போட்டாலும் அந்த இரண்டு தட்டின் எடை இன்னும் துல்லியமாகத் தெரியும், கரைசலைப் பற்றிக் கூடுதலாக எதுவும் தெரியாது.

சரி, எவ்வளவு ஏமாற்றும்? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் நான் வைத்துக்கொண்டவை. பக்கத்துக்கு நான்கு தட்டு, தட்டுக்கு 50 கூடு என்று வைப்போம். தண்ணீர் தட்டுகளின் சராசரி 1.78, 1.90, 1.72, 1.84. கரைசல் தட்டுகள் 1.92, 1.76, 1.86, 1.82. இரண்டாவது தண்ணீர் தட்டையும் இரண்டாவது கரைசல் தட்டையும் பாருங்கள், கரைசல்தான் 0.14 தோற்கிறது. மூன்றாவது சோடியில் அதே 0.14 அளவுக்கு ஜெயிக்கிறது. எந்தச் சோடி உங்கள் கையில் சிக்கியதோ அதை வைத்து முடிவு எழுதியிருப்பீர்கள். எட்டுத் தட்டையும் சேர்த்தால் 1.81-க்கு 1.84, வித்தியாசம் 0.03 கிராம், t = 0.58. ஒன்றுமில்லை.

இதே அளவு தட்டு வித்தியாசம் இருந்து, கூடுகளுக்குள் விலக்கம் உங்களுடையது மாதிரி 0.20 கிராமாக இருந்தால், எந்தப் பயனும் இல்லாத கரைசலைக்கூட ஒரு தட்டு–ஒரு தட்டு சோதனை 100-க்கு ஏறக்குறைய 44 தடவை "வேலை செய்கிறது" என்றோ "கெடுக்கிறது" என்றோ சொல்லிவிடும். 5 தடவைதான் தவறும் என்று நினைத்து நாம் p-ஐ நம்புகிறோம்.

செய்ய வேண்டியது இது. ஒரு பக்கத்துக்கு நான்கோ ஐந்தோ தட்டு வையுங்கள். எந்தத் தட்டுக்குக் கரைசல், அலமாரியில் எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கரைசலைத் தட்டுக்குத் தட்டு தனியாகக் கலந்து, இலையைத் தனியாகத் தெளியுங்கள், ஒரே வாளியில் ஒரு கலவை தவறிப்போனால் எல்லாத் தட்டும் சேர்ந்து தவறும். பெண் புழுவின் கூடு ஆணுடையதைவிடக் கனம் என்பதால் கூட்டை வெட்டிப் பார்த்து ஆண், பெண் எண்ணிக்கையையும் குறித்துவையுங்கள். ஆய்வில் முதலில் தட்டு சராசரி, அப்புறம்தான் டெஸ்ட்:

```r
s <- aggregate(edai ~ thattu + vagai, data = koodu, FUN = mean)
t.test(edai ~ vagai, data = s, var.equal = TRUE)
```

வெளியீட்டில் வரும் df, எண்ணியவற்றின் மொத்தத்தில் இரண்டு குறைவாக இருக்கும். `df = 6` வந்தால் எட்டுத் தட்டையும் சரியாக எண்ணியிருக்கிறீர்கள். `df = 398` என்று வந்தால் 400 கூட்டையும் தனித்தனியாக எண்ணிவிட்டீர்கள். யாருடைய கட்டுரையைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த df-ஐத்தான்.

பென்னாகரம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளூரைடு அதிகம். அந்த நீரில் கேழ்வரகு முளைப்பு குறைகிறதா என்று பார்க்கிறேன். ஐந்து பெட்ரி தட்டு, தட்டுக்கு 25 விதை. n = 5 தானே? (பென்னாகரம்)

நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த ஒரு கிணற்று நீர் முளைப்பைக் குறைக்கிறதா என்றால், தட்டுகளைத் தனித்தனியாகத் தயாரித்து இடம் மாற்றி மாற்றி வைத்திருக்கும்வரை n = 5 சரி. "பென்னாகரம் வட்டாரக் கிணற்று நீர்" என்று எழுதப் போகிறீர்கள் என்றால் n ஒன்றுதான், ஏனென்றால் கிணறு ஒன்று. அந்தக் கேனில் உப்பும் இருக்கும், கடினத்தன்மையும் இருக்கும். ஐந்தாறு கிணறு, கிணற்றுக்கு இரண்டு தட்டு போதும். ஃப்ளூரைடைத் தனியாகக் குற்றம் சொல்ல வேண்டுமென்றால் வடிநீரில் சோடியம் ஃப்ளூரைடு கலந்த வரிசை ஒன்றும், அதே மோலார் அளவு சோடியம் குளோரைடு கலந்த வரிசை ஒன்றும் தனியாக வையுங்கள்.

அப்படியானால் டெக்னிகல் ரெப்ளிகேட் வீண் செலவா? (ஓசூர்)

வீண் இல்லை. மூன்று வெல்லில் ஒன்று மட்டும் தனியாக எகிறினால் குமிழியோ பிபெட் தவறோ என்று அங்கேயே பிடிக்கலாம். ஆனால் வெல்கள் நன்றாக ஒத்துவந்து புழுக்களுக்குள் வித்தியாசம் பெரிதாக இருந்தால், மூன்றாவது வெல்லுக்குப் போகிற காசில் இன்னொரு தட்டுப் புழு வளர்ப்பது மேல்.

ஒரு தட்டு வைத்தே எல்லாம் முடித்துவிட்டேன். வைவாவுக்கு ஆறு வாரம் இருக்கிறது. என்ன செய்வது? (பாலக்கோடு, மேலே கேட்டவரே)

ஆறு வாரம் போதும். முட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். இளம்புழு வளர்த்துத் தரும் சாக்கி மையத்தில் இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழு வாங்கினால் ஏறக்குறைய மூன்று வாரத்தில் கூடு கட்டிவிடும், கட்டி ஐந்தாம் நாள் வாக்கில் அறுவடை செய்யலாம். வாங்கின அன்றே எட்டுத் தட்டுக்குக் குலுக்கிப் பிரித்துவிடுங்கள். எல்லாம் ஒரே சாக்கித் தொகுதி என்பதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். பழைய இரண்டு தட்டின் எண்களை முன்சோதனை என்ற தலைப்பில் சராசரி, விலக்கத்தோடு கொடுங்கள், p மதிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். இலை கிடைக்காமல் மறுபடி செய்யவே முடியாமல் போனாலும் "பக்கத்துக்கு ஒரு தட்டு, தட்டுக்குள் 50 கூடு" என்று முறைப் பகுதியில் அப்படியே எழுதிவிடுங்கள். வைவாவில் தேர்வாளர் கேட்கிறவரை காத்திருக்க வேண்டாம்.